நேர்காணல் எடுப்பவரின் கையில் சேரும் தகவல்கள்: சம்மதம், ரெக்கார்டிங், குறிப்பேடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் பதினான்கு பேர் வேலை செய்யும் ஒரு கணக்குப் பதிவு நிறுவனத்தில் சில ஆண்டுகளாக நேர்காணல் எடுத்து வருகிறேன். எங்களிடம் தனியாக மனிதவளத் துறை கிடையாது; ஜிஎஸ்டி வேலையைப் பார்ப்பவரே ஆள் எடுக்கவும் உட்காருகிறார். இதே நிலையில் மாவட்டத்தின் மற்றச் சிறு அலுவலகங்களில் இருக்கும் நண்பர்கள் கேட்டவற்றையும் நான் அளித்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நாங்கள் பன்னிரண்டு பேர்தான். இந்தத் தரவுச் சட்டமெல்லாம் எங்களுக்கும் உண்டா?

உண்டு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆள் எண்ணிக்கையை வைத்துத் தானாகக் கிடைக்கும் விலக்கு எதுவும் இல்லை. சில வகை நிறுவனங்களுக்குச் சில பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்து மத்திய அரசு அறிவிக்கை வெளியிடலாம் என்ற அதிகாரம் மட்டுமே அதில் இருக்கிறது. சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் கடமைகளைச் சொல்லும் முக்கியப் பகுதிகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை எதுவும் இல்லை என்று பொருளாகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகள், உடல்நலம், வங்கி விவரம், கைரேகை போன்றவற்றை எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் வாங்கக் கூடாது என்கின்றன. அவை தனி ஒருவர் நடத்தும் தொழிலையும் விட்டுவைக்கவில்லை.

புதிய சட்டம் டிஜிட்டல் வடிவில் இருக்கும் தகவலையே தொடுகிறது என்பதால், நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதியது அதன் எல்லைக்குள் வராது. ஆனால் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணத்திலேயே அது உள்ளே வந்துவிடுகிறது. பெரும்பாலான சிறு அலுவலகங்களில் அப்படித்தான் வருகிறது.

எங்கள் முதலாளி துபாயில் இருக்கிறார். நேர்காணலை ரெக்கார்டு செய்து அனுப்பச் சொல்கிறார். ரெக்கார்டு ஆகிறது என்று திரையிலேயே காட்டுகிறதே, அது போதாதா?

போதாது. கூகுள் மீட், ஜூம் இரண்டும் பதிவு தொடங்கும்போது எல்லோருக்கும் அறிவிப்பு காட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் விண்ணப்பதாரருக்கு முன்னால் இருப்பவை இரண்டே வழிகள்: ஒத்துக்கொள்வது, இல்லையென்றால் கூட்டத்தை விட்டு வெளியேறுவது. வேலை தேடி வந்தவர் நேர்காணலை விட்டு வெளியேறுவாரா? சம்மதம் என்பது சுதந்திரமாகவும், இன்ன நோக்கத்துக்கு என்று குறிப்பாகவும், விவரம் அறிந்தும், நிபந்தனை இன்றியும், தெளிவான ஒரு செயலின் மூலமும் தரப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும்போது அவர் பேசாமல் இருந்தார் என்பதில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

நாங்கள் செய்வது இது. நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு, இணைப்பு அனுப்பும் மின்னஞ்சலில் அல்லாமல் தனி மின்னஞ்சலில், தமிழிலும் ஆங்கிலத்திலும் இப்படி எழுதுகிறோம்:

"வியாழக்கிழமை நடக்கும் நேர்காணலில் எக்செல் செய்முறைப் பகுதியை மட்டும், ஏறத்தாழ இருபது நிமிடம், பதிவு செய்ய விரும்புகிறோம். எங்கள் உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் அவர் பார்ப்பதற்காகவே இதைக் கேட்கிறோம். அவரையும் நேர்காணல் எடுப்பவரையும் தவிர வேறு யாரும் இதைப் பார்க்க மாட்டார்கள். முடிவைத் தெரிவித்த 30 நாளுக்குள் அழித்துவிடுவோம். உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் பதிவு செய்யாமலே நேர்காணல் நடக்கும். அது உங்கள் தேர்வைப் பாதிக்காது. சம்மதித்த பிறகு மனம் மாறினாலும் இதே முகவரிக்கு ஒரு வரி எழுதினால் போதும். சம்மதம் என்றோ வேண்டாம் என்றோ பதில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்."

பதில் வராவிட்டால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறோம். வந்திருந்தாலும், பதிவுப் பொத்தானை அழுத்தும் முன் வாய்மொழியாக ஒருமுறை கேட்கிறோம். குடும்ப விவரம், சம்பள எதிர்பார்ப்பு ஆகியவற்றைப் பேசும் பகுதியைப் பதிவு செய்வதே இல்லை. முதலாளிக்குத் தெரிய வேண்டியது அந்தப் பெண்ணோ பையனோ வங்கிச் சரிகட்டும் பட்டியலை எப்படிப் போடுகிறார் என்பதுதான். அதற்கு இருபது நிமிடம் தாராளம்.

விண்ணப்பதாரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

முதலாளியையே இருபது நிமிடம் நேரலையில் உட்காரச் சொல்லுங்கள். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது; இங்கே மாலை நான்கு மணி என்றால் அங்கே இரண்டரை. அதுவும் முடியாதென்றால், விண்ணப்பதாரர் செய்து கொடுத்த எக்செல் கோப்பையும் உங்கள் குறிப்பையும் வைத்து அவர் முடிவெடுக்கலாம்.

இங்கே பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. ஐந்து பேரில் நான்கு பேர் பதிவுக்கு ஒத்துக்கொண்டு ஒருவர் மறுத்தால், முதலாளி நான்கு பேரின் முகத்தையும் பேச்சையும் பார்க்கிறார், ஐந்தாமவரைத் தாளில் மட்டும் பார்க்கிறார். மறுத்தது தேர்வைப் பாதிக்காது என்று எழுதிக் கொடுத்த வாக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது. அதனால் ஒருவர் மறுத்தாலும் அந்தச் சுற்றில் எல்லோருக்கும் எக்செல் கோப்பு மட்டுமே முதலாளிக்குப் போகும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். முதலாளி முதலில் முகம் சுளித்தார். அடுத்த சுற்றிலிருந்து அவரே நேரலையில் வரத் தொடங்கினார். இப்போது பதிவு செய்யும் தேவையே அபூர்வமாகத்தான் வருகிறது.

மறுத்தார் என்ற செய்தியை மதிப்பீட்டுத் தாளில் எழுதாதீர்கள். அதைப் படிக்கும் மூன்றாமவர் "எதையோ மறைக்கிறான்" என்றே படிப்பார்.

பதிவு செய்த வீடியோ எங்கே போய்ச் சேருகிறது? என் லேப்டாப்பில்தானே இருக்கும்?

கூகுள் மீட்டின் கட்டணக் கணக்கில் பதிவு செய்தால், அது கூட்டத்தை ஏற்பாடு செய்தவரின் டிரைவில் Meet Recordings என்ற கோப்புறைக்குப் போகிறது. நாள்காட்டி அழைப்பிலும் அதன் இணைப்பு ஒட்டிக்கொள்கிறது. உங்கள் நிறுவனத்தின் முகவரியில் இருந்து அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் தாமாகவே அதைப் பார்க்கும் அனுமதி பெற்றுவிடக்கூடும். வரவேற்பில் இருக்கும் தம்பியை "ஆள் வந்தால் சொல்லு" என்பதற்காக அழைப்பில் சேர்த்திருந்தீர்கள் என்றால், அவரும் பார்க்கலாம். எனவே பதிவு முடிந்தவுடன் கோப்பின் பகிர்வுப் பெட்டியைத் திறந்து, Restricted என்று இருக்கிறதா, பெயர்ப் பட்டியலில் இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள். Anyone with the link என்று இருந்தால், அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் யாருக்கு முன்னனுப்பினாலும் வீடியோ அவர்களுக்குத் திறக்கும்.

முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவை அனுப்புவதை நான் முற்றிலும் தவிர்க்கிறேன். அவர் கைப்பேசியில் அது கேலரிக்குள் இறங்கி, அங்கிருந்து புகைப்படக் காப்புக்குப் போய், வீட்டில் குழந்தைகள் பார்க்கும் டேப்லெட்டில்கூட வந்து நிற்கலாம். அதன் பிறகு "30 நாளில் அழித்துவிட்டோம்" என்று நீங்கள் எழுதுவது உண்மையாக இராது. அழிக்கும்போதும் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: டிரைவில் நீக்கியது Trash-இல் 30 நாள் கிடக்கும். கெடு முடிவதற்குள் போக வேண்டும் என்றால் அங்கிருந்தும் கையால் நீக்க வேண்டும்.

குறிப்பேட்டில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

நான் கையாளும் அளவுகோல் ஒன்றுதான்: விண்ணப்பதாரரே பக்கத்தில் நின்று படித்தால் நான் எந்த வரியை விரலால் மறைப்பேன்? அந்த வரி தேவையில்லாதது.

ஓர் எடுத்துக்காட்டைப் பிரித்துப் பார்க்கலாம். உதவிக் கணக்காளர் பணிக்குத் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். உடன் உட்கார்ந்திருந்த சக ஊழியர் எழுதிய குறிப்பு இது: "நல்ல பெண், கொஞ்சம் பயம். அப்பாவுக்கு டயாலிசிஸ், வாரம் இரண்டு நாள் ஆசாரிப்பள்ளம் போகணும். டிசம்பரில் கல்யாணம் இருக்கலாம். டேலி பரவாயில்லை." நான்கு வாக்கியங்களில் வேலையைப் பற்றியது ஒன்றுதான், அதுவும் "பரவாயில்லை" என்பதால் யாருக்கும் பயன்படாது. மீதியில் ஒன்று இங்கே இல்லாத ஒரு முதியவரின் நோய், இன்னொன்று வெறும் ஊகம்.

அதை நாங்கள் இப்படி மாற்றி எழுதினோம்: "வங்கிச் சரிகட்டும் பட்டியலில் மூன்று வேறுபாடுகள் வைத்தோம். வங்கிக் கட்டணத்தையும் பணமாகாத காசோலையையும் கண்டுபிடித்தார். செலுத்தியும் வரவு வைக்கப்படாத காசோலையை விட்டுவிட்டார். சுட்டிக்காட்டியதும் தாமே திருத்தினார். புதன், சனி ஆகிய நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் வர இயலும் என்றார். மற்ற நாட்களில் ஒன்பது மணி சரி." மருத்துவமனைச் செய்தி போய்விட்டது, அலுவலகத்துக்குத் தேவையான நேரம் மட்டும் நின்றது. அவருக்குத்தான் வேலை கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் குறிப்பு மட்டும் முதலாளிக்குப் போயிருந்தால் கிடைத்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

நம் மாவட்டத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. ஒருவரின் பெயரையும் ஊரையும் கேட்டவுடன் எந்தச் சபை, எந்தச் சமுதாயம், யார் வீட்டுப் பிள்ளை என்பதை மனம் தானாகக் கணக்குப் போட்டுவிடும். கணக்குப் போடுவதை நிறுத்துவது எளிதன்று; ஆனால் அது குறிப்பேட்டில் இறங்கக் கூடாது. "இன்னாரின் மருமகன்", "நம்ம சர்ச்" போன்ற சொற்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கு அவை அடையாளக் குறிப்பு மட்டுமே; தேர்வாகாதவர் கையில் அந்தத் தாள் கிடைத்தால் அதுவே காரணமாகத் தெரியும்.

ஷீட்டில் எழுதியதை டெலீட் செய்துவிட்டேன். போய்விட்டதுதானே?

போகவில்லை. கூகுள் ஷீட்டில் அந்தக் கட்டத்தின் மேல் வலது சொடுக்கு செய்து Show edit history என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். யார், எந்த நாளில், என்ன எழுதினார், பிறகு எதை நீக்கினார் என்பது வரிசையாக வரும். திருத்தும் அனுமதி பெற்ற யாரும் இதைப் பார்க்க முடியும். மேலே சொன்ன டயாலிசிஸ் வரியை நாங்கள் அழித்த பிறகும் அது மூன்று வாரம் அப்படித்தான் இருந்தது. தற்செயலாகக் கண்ணில் பட்டது.

தீர்வு எளிது. திருத்திய ஷீட்டை Make a copy மூலம் புதிய நகலாக எடுங்கள்; பழைய மாற்ற வரலாறு நகலுடன் வராது. நகலைச் சரிபார்த்த பின் மூலக் கோப்பை நீக்கி, Trash-இலிருந்தும் எடுத்துவிடுங்கள். அதைவிட எளிது, எல்லா விண்ணப்பதாரரையும் ஒரே ஷீட்டில் வைக்காமல் ஆளுக்கு ஒரு கோப்பு வைப்பது. ஒருவர் தம் தகவலை நீக்கச் சொன்னால் அந்த ஒரு கோப்பை நீக்கினால் முடிந்தது.

ரெசுமேயிலேயே சாதி, மதம், ஆதார் நம்பர் எல்லாம் போட்டு அனுப்புகிறார்கள். நாங்கள் கேட்கவில்லையே?

கேட்காமல் வந்தாலும் உங்களிடம் இருக்கும் வரை காக்கும் பொறுப்பு உங்களுடையது. கணினி மையங்களில் தட்டச்சு செய்து தரும் பழைய மாதிரியில் தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை எல்லாம் வரிசையாக இருக்கும். பிள்ளைகள் அதை நிரப்பிவிடுகிறார்கள். விளம்பரத்திலேயே "பெயர், தொடர்பு எண், படிப்பு, அனுபவம் போதும், ஆதார், சாதிச் சான்று அனுப்ப வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்ததும் எங்களுக்குப் பாதிக்கு மேல் குறைந்தது. மீறி வருவதில் ஆதார் நகலை உடனே நீக்கிவிட்டு, பணி ஆணை கொடுக்கும்போது கேட்போம் என்று பதில் எழுதுகிறோம். அப்போதும் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரே எங்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

சிபாரிசு செய்த மாமா போன் பண்ணி "நம்ம பிள்ளை எப்படிச் செய்தாள்?" என்று கேட்கிறார். என்ன சொல்வது?

இந்தக் கேள்விதான் உண்மையில் கடினமானது. நம் ஊரில் தகவல் கசிவது கணினியை உடைத்து அன்று; வடசேரியில் பேருந்துக்கு நிற்கும்போதும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் பேசும்போதும், திங்கள்சந்தையில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியிலும்தான். கேட்பவர் தீய எண்ணத்தில் கேட்பதில்லை. மூத்தவர், உறவுக்காரர், ஒருவேளை உங்களுக்கு ஒரு காலத்தில் உதவியவர். முகத்தில் அடித்தாற்போல் "சொல்ல முடியாது" என்று அவரிடம் சொல்லவும் முடியாது.

நான் சொல்வது எப்போதும் ஒன்றே: "மாமா, எல்லோருக்கும் முடிவு வெள்ளிக்கிழமை மெயிலில் போகும். அவளே உங்களிடம் சொல்லுவாள்." நன்றாகச் செய்தாலும் இதே, மோசமாகச் செய்தாலும் இதே. நன்றாகச் செய்தவரைப் பற்றி மட்டும் "பிரமாதம் மாமா" என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை நீங்கள் மெயில் என்று சொன்னதுமே அவருக்கு விடை தெரிந்துவிடும். அவள் நேர்காணலுக்கு வந்தாள் என்பதையே அவரிடம் உறுதிப்படுத்தலாமா என்றால், சிபாரிசு செய்தவரைத் தவிர மற்றவரிடம் அதுவும் வேண்டாம். வேறு இடத்தில் வேலையில் இருந்துகொண்டே முயற்சி செய்பவருக்கு, வந்தார் என்ற செய்தியே கேடு.

இப்போது வேலை செய்யும் இடத்தில் நமக்குத் தெரிந்தவர் இருக்கிறார். ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளலாமா?

விண்ணப்பதாரரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கூடாது. இதை நான் ஒரு தவற்றிலிருந்து கற்றேன். மார்த்தாண்டம் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலையில் இருந்த இளைஞர் ஒருவர் எங்களிடம் நேர்காணலுக்கு வந்திருந்தார். எனக்கு அங்கே பழைய வகுப்புத் தோழர் ஒருவர் உண்டு. "பையன் எப்படி, நேரத்துக்கு வருவானா?" என்று மதியம் கேட்டேன், யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். மாலைக்குள் அந்த அலுவலகத்தின் பொறுப்பாளருக்குத் தெரிந்துவிட்டது. எங்களிடம் வேறொருவர் தேர்வானார். அந்த இளைஞர் அங்கேயே தொடர வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஊதிய உயர்வில் அவர் பெயர் இல்லை. அவர் என்னை அழைத்துக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

வேலைக்கு விண்ணப்பிக்கவென்று அவர் தந்த தகவலை நான் வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தினேன் என்பதே அங்கே நடந்தது. இப்போது விண்ணப்பப் படிவத்திலேயே "யாரிடம் விசாரிக்கலாம், எப்போது விசாரிக்கலாம்" என்று இரண்டு கட்டங்கள் வைத்திருக்கிறோம். பெரும்பாலோர் முந்தைய நிறுவனத்தின் பெயரை எழுதி, "பணி ஆணை தந்த பிறகு" என்று குறிக்கிறார்கள். அதுவே நியாயம்.

தேர்வாகாதவர்களின் தகவலை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

நோக்கம் முடிந்தால் அழிக்க வேண்டும் என்பதே சட்டத்தின் போக்கு. எங்கள் கணக்கு: வீடியோ 30 நாள், குறிப்பும் ரெசுமேயும் ஆறு மாதம். தேர்வானவர் சேர்ந்து பயிற்சிக் காலத்திலேயே விலகினால் அடுத்தவரை அழைக்க அந்த ஆறு மாதம் உதவுகிறது. அதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுகிறோம். அதற்கு மேல் "எப்போதாவது பயன்படும்" என்று வைத்திருக்க விரும்பினால் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும்.

ஒரு திருத்தம் மட்டும் வரக்கூடும். 2025-ஆம் ஆண்டு விதிகளில், செயலாக்கிய தரவையும் அதன் பதிவுகளையும் அரசு கோரும் சில நோக்கங்களுக்காகக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்லும் விதியும் இருக்கிறது. அது 2027-இல் நடைமுறைக்கு வரும்போது மேலே சொன்ன கெடுக்களை வழக்கறிஞரிடம் காட்டி மறுபடி வகுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பதாரருக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் அந்த எண்களை மாற்ற வேண்டியிருக்கும். வீடியோ எடுக்காமலே இருந்தால் அதற்கு எந்தக் கெடுவும் தேவைப்படாது.

"என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்" என்று விண்ணப்பதாரரே கேட்டால் காட்ட வேண்டுமா?

சம்மதத்தின் பேரில் தரப்பட்ட தகவல்களில் எவை உங்களிடம் இருக்கின்றன, அவற்றை வைத்து என்ன செய்தீர்கள் என்பதன் சுருக்கத்தைக் கேட்கும் உரிமையைப் புதிய சட்டம் தருகிறது. தவறானதைத் திருத்தவும் நீக்கவும் கோரலாம். முழுத் தாளையும் நகலெடுத்துத் தர வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. கடந்த ஆண்டு ஒருவர் கேட்டபோது, அவருடைய செய்முறைத் தாளில் எது சரி, எது தவறு என்பதை ஐந்து வரியில் எழுதி அனுப்பினேன். மற்ற விண்ணப்பதாரர்களோடு ஒப்பிட்ட வரிகளை விட்டுவிட்டேன், ஏனென்றால் அவை அவர்களுடைய தகவல். குறிப்பு ஒழுங்காக எழுதப்பட்டிருந்ததால் அந்த மின்னஞ்சலுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் தம் கைப்பேசி எண் மாறியிருப்பதைச் சொல்லித் திருத்தச் சொன்னார், திருத்தினேன்.